தம்பிக்கு வால்வில் இரண்டு இதழ், எனக்கு எதற்கு எக்கோ?

"என் தம்பிக்கு 41 வயது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று பாளையங்கோட்டையில் காட்டினோம். பிறவியிலேயே இதய வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதான் இருக்கிறது, ரத்தக் குழாயும் 4.8 சென்டிமீட்டருக்கு வீங்கியிருக்கிறது என்றார்கள். அம்மா, நான், இன்னொரு தம்பி, இவன் பிள்ளைகள் எல்லாரும் எக்கோ எடுக்க வேண்டுமாம். எனக்கு 46 வயது, ஒரு தொந்தரவும் இல்லை. போன மாதம் எடுத்த இ.சி.ஜி. நார்மல். அப்பா 54 வயதில், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தவர், நடு முதுகில் குத்துகிறது என்று சொல்லி ஒரு மணி நேரத்தில் போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். தம்பி மகளுக்கு 17 வயது. 'இப்பவே பிள்ளைக்கு இதய நோய்னு பேர் வாங்கிக் குடுக்கணுமா' என்கிறார் அம்மா. என்ன செய்யட்டும்?"
— ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

எக்கோ எடுத்துவிடுங்கள். இ.சி.ஜி. நார்மல் என்பதை இந்த விஷயத்தில் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். அது இதயத்தில் ஓடும் மின்சாரத்தைத்தான் வரைந்து காட்டும். வால்வில் எத்தனை இதழ், அந்த வால்விலிருந்து கிளம்பும் பெருந்தமனி என்ற பெரிய ரத்தக் குழாய் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அதில் தெரியாது. தொந்தரவு இல்லை என்பதும் அப்படித்தான். இந்தக் குழாய் விரியும்போது வலிக்காது. உங்கள் தம்பிக்கு மூச்சு வாங்கியது பெரும்பாலும் வால்வினால் இருக்கும். குழாய் வீங்கியதைக் கண்டுபிடித்தது அதே எக்கோவில் கிடைத்த நல்ல காலம்.

தம்பிக்கு வால்வில் கோளாறு என்றால் உங்கள் குழாயை ஏன் பார்க்க வேண்டும்? மடையை நினைத்துப் பாருங்கள். கன்னடியன் கால்வாய்ப் பக்கம் வளர்ந்தவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பலகையை முழுதாகத் தூக்கினால் தண்ணீர் நடுவாக ஓடும். பலகை ஒரு பக்கம் சிக்கிக்கொண்டால் தண்ணீர் சாய்வாகப் பீறிட்டு ஒரு கரையிலேயே மோதி அரிக்கும். பைகஸ்பிட் எனப்படும் இந்த இரண்டு இதழ் வால்வு சரியாகத் திறக்காமல் ரத்தம் அப்படித்தான் பெருந்தமனிச் சுவரில் ஒரு பக்கமாக மோதுகிறது. ஆனால் பாதிக் கதைதான் இது. பலருக்குக் கரை மண்ணே இளக்கம். வால்வும் பெருந்தமனியின் தொடக்கமும் கருவில் சேர்ந்தே உருவாகின்றன. அந்தச் சுவரின் நடு அடுக்கில் உள்ள மீள்தன்மை இழைகள் பிறவியிலேயே வலுக் குறைந்திருக்கலாம். அதனால்தான் கெட்ட வால்வை மாற்றிய பிறகும் சிலருக்குக் குழாய் தொடர்ந்து விரிகிறது. மூன்று இதழும் ஒழுங்காக உள்ள உடன்பிறப்புக்குக்கூடக் குழாய் மட்டும் விரிந்திருப்பதை நாங்கள் பார்க்கிறோம்.

பொதுவாக நூறு பேரில் ஒருவர் இருவருக்கு இந்த வால்வு இருக்கும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்று நேர் ரத்த உறவில் அது ஏறத்தாழப் பத்தில் ஒருவராகக் கூடுகிறது. அதாவது ஒன்பது பேர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள், அந்த ஒருவரைக் கண்டுபிடிக்கத்தான் எல்லாரும் போக வேண்டியிருக்கிறது. குழாய் விரிந்த நோயாளி என்றால் குடும்பத்தாருக்கு எக்கோ கட்டாயம் என்றே வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன.

உங்கள் வீட்டுக் கணக்கில் அம்மா, நீங்கள், இன்னொரு தம்பி, நோய் தெரிந்த தம்பியின் பிள்ளைகள் வருகிறீர்கள். நம் பக்கம் சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் முடிப்பதால் மதினிமார், மைத்துனர் எல்லாரும் பயந்துபோய் வரிசையில் நிற்பதுண்டு. தேவையில்லை. உங்கள் பிள்ளைகளும் இப்போது எடுக்க வேண்டாம். உங்களுக்கு வால்விலோ குழாயிலோ ஏதாவது தெரிந்தால் அப்போது அவர்கள் முறை.

எக்கோ அறையில் இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லி, பசை தடவி, மார்பெலும்பின் ஓரத்தில் கருவியை வைப்பார்கள். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வழக்கமாக வைக்கும் இடத்தில் பெருந்தமனியின் வேர்ப்பகுதி நன்றாகத் தெரியும், அதை அளந்துவிட்டு 'அயோட்டிக் ரூட் நார்மல்' என்று எழுதிவிடுவதுண்டு. ஆனால் இந்த நோயில் குழாய் பெரும்பாலும் விரிவது வேருக்கு மேலே, அசெண்டிங் அயோட்டா என்னும் மேலேறும் பகுதியில். கருவியை ஒரு விலா இடைவெளி மேலே நகர்த்தினால்தான் அது திரைக்கு வரும். ஆகவே படுக்கும்போதே "தம்பிக்குப் பைகஸ்பிட் வால்வு, குழாய் 4.8, அசெண்டிங் அயோட்டாவையும் அளந்து எழுதுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட்டில் அந்த வரிக்கு நேரே எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வீட்டுக்குக் கிளம்புங்கள். பருமனாலோ நுரையீரல் மறைப்பதாலோ தெரியவில்லை என்றால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள்.

பெரியவர்களுக்கு 4 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. குட்டையான, மெலிந்த பெண்களுக்கு அதே எண் சற்றுக் கூடுதலாகவே பொருள்படும். பிள்ளைகளுக்கு எண்ணை அப்படியே பார்க்கக் கூடாது, உடல் அளவோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். வளரும் பிள்ளைக்கு இப்போது சரியாக இருந்தாலும் வளர்ந்து முடிந்தபின் இன்னொரு முறை பார்ப்பது என் பழக்கம்.

தம்பி மகள் விஷயத்தில் அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. சம்பந்தம் பேசும்போது என்ன சொல்வது என்பதுதானே அது? ஆனால் விரிந்த பெருந்தமனிக்குப் பிரசவ காலம் மிகக் கடினமான காலம். தெரியாமல் கர்ப்பமாவதைவிட, 17 வயதில் ஒரு அரை மணி நேரம் படுத்து எழுந்து தெரிந்துகொள்வது அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யக்கூடிய நல்லது. ரிப்போர்ட்டை ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை.

அடுத்து அப்பா. அவர் எதனால் இறந்தார் என்பதை இத்தனை ஆண்டுகள் கழித்து நிரூபிக்க முடியாது. ஆனால் முதுகில் திடீரெனக் குத்தி ஒரு மணி நேரத்தில் உயிர் போனது, பெருந்தமனியின் உள்சுவர் கிழிந்ததாலும் இருக்கலாம். தம்பியின் மருத்துவரிடம் இதைச் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் அடுத்த முறை முதல் வேலையாகச் சொல்லுங்கள். பொதுவாகக் குழாய் 5.5 சென்டிமீட்டரைத் தொட்டால் அறுவை சிகிச்சை. குடும்பத்தில் குழாய் கிழிந்தவர் இருந்தாலோ, ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் விரிந்துகொண்டே போனாலோ 5 சென்டிமீட்டரிலேயே யோசிப்பார்கள். வால்வை எப்படியும் மார்பைத் திறந்து மாற்ற வேண்டிய நிலை என்றால் 4.5-லேயே குழாயையும் சேர்த்து மாற்றுவதுண்டு. 4.8-ல் நிற்கும் உங்கள் தம்பிக்கு அப்பாவின் அந்த ஒரு மணி நேரம் பெரிய தகவல். ஒரு எக்கோவுக்கும் இன்னொன்றுக்கும் ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் அளப்பவர் கையாலேயே வரும் என்பதால், ஒரே இடத்தில், பழைய ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து எடுக்கட்டும்.

அதுவரை தம்பி ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். மூச்சைப் பிடித்து நெல் மூட்டை தூக்குவது இனி கூடாது, நடப்பது நல்லது. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட வேண்டாம். அவை பெருந்தமனிச் சுவரைப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை உண்டு.

இன்னொன்று, வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். தம்பிக்கோ, எக்கோவில் குழாய் விரிந்திருப்பது தெரிந்த வேறு யாருக்கோ நெஞ்சிலோ முதுகிலோ திடீரெனக் கிழிப்பது போல வலி வந்தால், வாய்வு என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும் "இவருக்குப் பெருந்தமனி விரிந்திருக்கிறது" என்று சொல்லி ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். மாரடைப்பு என்று நினைத்து ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டால், குழாய் கிழிந்தவருக்கு அது உயிருக்கே ஆபத்து. ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை உங்கள் போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.