ரூம் பெருசா தெரியற போட்டோ போடலாமா?

வேலூர் சத்துவாச்சாரில எங்க ஃபிளாட்ட வாடகைக்கு விடறோம், பெட்ரூம் 10க்கு 10 தான், போன்ல 0.5x வச்சு எடுத்தா ஹால் மாதிரி தெரியுது. அதையே போடலாமா? பால்கனில இருந்து தெரியற மலையையும், பக்கத்து காலி மனை வேப்பமரத்தையும் கூட எடுத்து போடணும்.

போடாதீங்க, 0.5x லென்ஸ் பக்கத்துல இருக்கறத பெருசாக்கி எதிர் சுவர தூரமா தள்ளிடும், ஓரத்துல இருக்கற கட்டில் இழுத்த மாதிரி நீளமா தெரியும், பாக்கறவங்க அதுலயே கண்டுபிடிச்சிடுவாங்க. 1xல வச்சு வாசப்படில நின்னு நெஞ்சு உயரத்துல எடுங்க, முழு ரூமும் வரலன்னா எதிர் மூலைல இருந்து இன்னொண்ணு எடுங்க. தரை டைல்ஸ் நல்லா தெரியணும், 2 அடி டைல்ஸ்னா அஞ்சு எண்ணினா 10 அடின்னு அவங்களே கணக்கு போட்டுக்குவாங்க. அளவையும் கீழ எழுதிடுங்க.

மலை வியூக்கு நேரெதிர் ஏமாத்து நடக்கும், 3x ஜூம்ல எடுத்தா மலை பால்கனி மேலயே வந்து நிக்கும். அதனால ஜன்னல் கம்பியும், நடுவுல இருக்கற மொட்டை மாடி, வாட்டர் டேங்க் எல்லாமும் ஃபிரேம்ல வரட்டும். பச்சை கலர ஏத்தாதீங்க, நம்ம ஊரு மலை மே மாசத்துல வெறும் பாறைதான், மழைக்கப்புறம் எடுத்த படம்னா மாசத்த போடுங்க. பக்கத்து காலி மனைல இருக்கற வேப்பமரம் உங்களுது இல்ல, நாளைக்கு அங்க வீடு கட்டினா போயிடும், அதையும் சொல்லிடுங்க.