சல்ஃபா மாத்திரை நடுவே காய்ச்சலும் தோல் திட்டும் வந்தால் பொறுத்திருக்கலாமா?

கேள்வி: "அப்பாவுக்கு (வயது 67) சிறுநீர்த் தொற்றுக்காக கோட்ரைமாக்ஸசோல் என்ற சல்ஃபா மாத்திரையை 14 நாளைக்குக் கொடுத்திருக்கிறார்கள். பத்தாம் நாளான இன்று காய்ச்சல், தொண்டை வலி, மார்பில் சில திட்டுகள். இன்னும் நான்கு நாள் மாத்திரைதான் பாக்கி. முடித்துவிட்டு டாக்டரிடம் போனால் போதாதா?"

போதாது. இன்றிரவுக்கான மாத்திரையைக் கொடுக்காதீர்கள். மருந்துறையை எடுத்துக்கொண்டு இன்றே அவரை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. இதே மருந்தால் என் கணவருக்குத் தோல் கழன்றுபோகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வந்து, அவர் தீக்காயப் பிரிவில் படுத்திருந்தபோது அருகிலிருந்து பார்த்தவள், அவ்வளவுதான். வீணாகப் பயமுறுத்துகிறேன் என்று யாராவது பின்னூட்டத்தில் எழுதக்கூடும் என்பதும் தெரியும். சல்ஃபா மருந்து சாப்பிட்டுத் தோல் தடிப்பவர்களில் பெரும்பாலோருக்கு வருவது சாதாரண ஒவ்வாமைதான், அது சில நாளில் அடங்கிவிடும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் இரண்டில் எது என்பதை முதல் நாளில் வீட்டிலிருந்தபடி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சிறுநீர்த் தொற்றுக்கு மாற்று மருந்து உண்டு. உரிந்துபோன தோலுக்கும் கெட்டுப்போன கண்ணுக்கும் அப்படி எளிதான மாற்று எதுவும் இல்லை.

என் கணவருக்குக் காலில் வந்த சீழ்க்கட்டிக்காக அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். முதல் வாரம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் கழிந்தது. இந்த நோயில் ஏமாற்றுவதே அதுதான். மருந்து தொடங்கி ஏறக்குறைய நான்கு நாள் முதல் நான்கு வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் இது தொடங்கலாம் என்பதால், "இத்தனை நாளாக ஒத்துக்கொண்ட மருந்துதானே" என்ற சமாதானம் இங்கே எடுபடாது. இரண்டாவது வாரத்தில் ஒரு மாலை அவருக்குக் காய்ச்சல் கண்டது, தொண்டை வலித்தது, கண் எரிந்தது. அது இங்கே சிங்கப்பூரில் புகைமூட்டக் காலமாக இருந்ததால் கண்ணெரிச்சலை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோலில் எதுவும் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே இந்த மூன்றும் வந்துவிடுவது இந்நோயின் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. மருந்து கொடுத்த கிளினிக்குக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, வைரஸ் காய்ச்சலாக இருக்கும், பனடால் போடுங்கள், ஆன்டிபயாடிக்கை மட்டும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள் என்று பதில் வந்தது.

அந்தப் பதிலின் மீது எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் உண்டு. ஆன்டிபயாடிக்கை முழுவதும் முடிக்க வேண்டும் என்பது, உடம்பு தேறியதும் சிலர் தாமாகவே மருந்தை விட்டுவிடுவதைத் தடுக்கச் சொல்லும் அறிவுரை. மருந்தே உடம்பைத் தாக்கத் தொடங்கிய பிறகு அதற்கு எந்தப் பொருளும் இல்லை. இருந்தும் உறையின் மேல் அச்சிட்ட அந்த ஒரு வரியை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, புதிதாக என்ன தொல்லை என்று ஒரு கேள்வியும் கேட்காமல் திருப்பிச் சொல்கிறார்கள்.

மறுநாள் மார்பிலும் முகத்திலும் திட்டுகள் வந்தன. மாமியார் பார்த்துவிட்டு அம்மை என்று முடிவு செய்து, வேப்பிலை வாங்கி வரச் சொன்னார். புத்தகங்களில் சிவப்புத் திட்டு என்றே எழுதியிருக்கும். நம்மைப் போன்ற மாநிறத்திலும் கறுப்பிலும் அது சிவப்பாகத் தெரிய வேண்டியதில்லை. அவர் உடம்பில் அது கருஞ்சிவப்பாக, நடுவில் சாம்பல் படிந்த ஊதா நிறமாக இருந்தது. அரிப்பு அதிகம் இல்லை. சட்டைத் துணி உரசினாலே வலிக்கிறது என்று சொல்லிக் கைகளை அகட்டியபடி உட்கார்ந்திருந்தார். மாலைக்குள் உதடு வீங்கி வெடித்து, ஆறிய மைலோவைக்கூட விழுங்க முடியவில்லை. சிறுநீர் கழிக்கும்போதும் எரிந்தது. உங்கள் அப்பா விஷயத்தில் இந்தக் கடைசி அறிகுறியில் கூடுதல் கவனம் வேண்டும்: வாய், கண் போலவே சிறுநீர்ப் பாதையின் மென்சவ்வும் இந்நோயில் புண்ணாகும் என்பதால், தொற்று இன்னும் ஆறவில்லை என்று தவறாகக் கருதி அதே மாத்திரையைத் தொடரும் ஆபத்து இருக்கிறது.

அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "அரிக்கிறதா, வலிக்கிறதா?" என்பது. இரண்டாவது, எந்த மருந்தை எந்தத் தேதியில் தொடங்கினார் என்பது. கீழிமையை இழுத்துப் பார்த்தார், வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார், பிறகு ஒரு கொப்புளத்தின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து மெல்ல ஒருபுறமாகத் தள்ளினார். காய்ச்சிய பாலின் மேல் ஏடு விலகுவதைப் போல மேல்தோல் விலகி, அடியில் ஈரச் சிவப்பு தெரிந்தது. அந்த இடத்திலேயே மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

உடனே நிறுத்துவதன் காரணத்தை அங்கிருந்த தாதி ஒருவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். உடலின் தற்காப்பு அணுக்கள் அந்த மருந்தைப் பகையாகக் கருதி, மேல்தோல் செல்களையே கொல்லத் தொடங்கிவிடுகின்றன. மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும் வரை அவற்றுக்குத் தூண்டுதல் கிடைத்துக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் 10 மணி நேரம் ஆகும். எனவே இன்று நிறுத்தினால் இரண்டு நாளில் பெரும்பகுதி வெளியேறிவிடும், சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்கு இன்னும் தாமதமாகும். இவ்வாறு விரைவில் வெளியேறும் மருந்துகளைப் பொறுத்தவரை, எத்தனை நாள் முன்னதாக நிறுத்துகிறோமோ அதில் ஒவ்வொரு நாளுக்கும் இறப்பு அபாயம் சுமார் 30 விழுக்காடு குறைவதாக 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. உடற்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாகத் தோல் கழன்றால் அதற்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்று பெயர். 30 விழுக்காட்டைத் தாண்டினால் அது வேறு பெயர் பெறுகிறது, அந்த நிலையில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் பிழைப்பதில்லை.

நிறுத்திய மறுநாளே குணம் தெரியும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தொடங்கிவிட்ட அழிவு சில நாள் தன் போக்கில் நடந்தே தீரும். என் கணவருக்கு மருந்தை விட்ட பிறகுதான் முதுகு உரிந்தது. அப்போது உறவினர்கள் "நிறுத்தியும் பயனில்லையே" என்று பேசினார்கள். நிறுத்தாமல் இருந்திருந்தால் எதுவரை உரிந்திருக்கும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. ஒட்டாத கட்டுத்துணி, குழாய் வழியே திரவம், நாள்தோறும் கண் மருத்துவரின் பரிசோதனை என்று சிகிச்சை நடந்தது. தோல் மீண்டும் வளர்ந்துவிட்டது. கண் வறட்சி போகவில்லை, இன்றும் சொட்டு மருந்து போடுகிறார்.

போகும்போது, உங்கள் அப்பா கடந்த இரண்டு மாதங்களில் புதிதாகத் தொடங்கிய எல்லா மருந்துகளையும் தொடங்கிய தேதியோடு எழுதி எடுத்துச் செல்லுங்கள். யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவாதத்துக்கான அலோபியூரினால், வலிப்புக்கான கார்பமசெபின் போன்றவையும் இதே நோயை உண்டாக்கக்கூடியவை என்பதால் மருத்துவர் அவற்றையும் கேட்பார். அதுவரை தோலில் நீங்களாக எந்தக் களிம்பும் தடவாதீர்கள், குறிப்பாக வீட்டில் தீக்காயத்துக்கென்று வைத்திருக்கும் வெள்ளைக் களிம்பை. அதில் இருக்கும் சில்வர் சல்ஃபடயாசினும் ஒரு சல்ஃபாதான். கண் சிவந்தாலோ, உதடு வெடித்தாலோ, தோல் வலித்தாலோ, ஒரே ஒரு கொப்புளம் எழும்பினாலோ வாடகை வண்டிக்குக் காத்திராமல் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.

நோய் இதுதான் என்று உறுதியானால், வெறுமனே "சல்ஃபா ஒவ்வாமை" என்று பதியாமல், எந்த மருந்தால் என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்து அவருடைய மருத்துவப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் பாருவில் உள்ள கிளினிக்குகளுக்கு நம் பதிவேடு தெரியாது என்பதால், என் கணவர் அதையே ஓர் அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்திருக்கிறார்.