சென்சார் குழாய் நிற்காமல் ஓடினால்: கேள்வி பதில்

கையை எடுத்த பிறகும் தண்ணீர் நிற்க மாட்டேன் என்கிறது. சென்சார் போய்விட்டதா?

சென்சாரைச் சந்தேகிக்கும் முன் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கையை நீட்டியதும் ஒரு ‘டிக்’, எடுத்ததும் இன்னொரு ‘டிக்’ கேட்டால் சென்சாரும் பேட்டரியும் பெரும்பாலும் சரிதான். கோளாறு, மின்சாரத்தால் தண்ணீரைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுக்குள் இருக்கும். அதிலுள்ள ரப்பர் டயஃப்ரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை உண்டு. அதன் வழியாகத் தண்ணீர் மேல்பக்கம் ஏறி அழுத்தினால்தான் வால்வு மூடும். உப்போ மண்ணோ துளையை அடைத்தால் மூடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். துகள் ரப்பரின் விளிம்பில் சிக்கினால் சொட்டும்.

சிங்க்கின் அடியில் உள்ள வால்வை மூடி, டயஃப்ரத்தைக் கழற்றுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கழற்றும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கலந்த வினிகரில் சிறிது நேரம் ஊறவைத்து அலசினால் போதும். ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதானால் வால்வு வேலை செய்யும் விதமே மாறிவிடும். அப்புறம் தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள வலைவடிகட்டியையும் கழுவுங்கள். அதை விட்டால் இதே கதை திரும்ப வரும்.

பேட்டரி குறைந்தாலும் இப்படி ஆகும். அதை ஏன் சொல்லவில்லை?

பாதி சரி. பேட்டரிக் குழாய்களின் வால்வு திறக்க ஒரு துடிப்பு, மூட ஒரு துடிப்பு என்று மின்சாரம் வாங்கும். இடையில் எதுவும் வேண்டாம். அதனால்தான் செல்கள் மாதக்கணக்கில் தாங்குகின்றன. திறந்திருக்கும்போது செல் தீர்ந்தால் மூடும் துடிப்பு வராது, தண்ணீர் முழுவேகத்தில் ஓடும். நல்ல குழாய் செல் இறங்கியதுமே திறக்க மறுத்துவிடும். ஆனால் வெறும் சொட்டலுக்கு பேட்டரியைக் குறைசொல்ல முடியாது.

ரீசார்ஜ் செல் போடலாமா?

நான் போட மாட்டேன். நான்கு சாதாரண ஆல்கலைன் செல் 6 வோல்ட், நான்கு ரீசார்ஜ் செல் 4.8 வோல்ட். சில குழாய்கள் அதையே ‘பேட்டரி தீர்ந்தது’ என்று எடுத்துக்கொள்ளும்.

என் வீட்டில் ரீசார்ஜ் செல்தான். ஒரு குறையும் இல்லையே!

உங்கள் குழாயின் சுற்று குறைந்த வோல்ட்டில் வேலை செய்யும்படி இருக்கலாம். ஆல்கலைனும் பாதி தீர்ந்தால் 1.2 வோல்ட் பக்கம் வந்துவிடும், அந்த வகையில் உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. குழாயோடு வந்த கையேடு என்ன சொல்கிறதோ அதுவே முடிவு.

சோப்பு டிஸ்பென்சர் உறுமுகிறது, நுரை வரவில்லை.

நுரை வகையில் கெட்டிச் சோப்பு ஊற்றியிருப்பீர்கள். தண்ணீர் கலந்து நீர்த்துப்போகச் செய்யுங்கள்.

எங்கள் குழாயும் சொட்டுகிறது, என்ன செய்ய?

முதல் பதில். ஊசி வேண்டாம்.

மொத்தத்தில் வாங்கலாமா?

கையால் திறக்கும் வழியும் இருக்கும் குழாயென்றால் சமையலறைக்கு வாங்கலாம். அது இல்லாததை வாங்க வேண்டாம். தொட்டி அதிக உயரத்தில் இல்லையென்றால் குழாய்க்குத் தேவையான குறைந்தபட்ச அழுத்தத்தைப் பாருங்கள். 0.5 பார் என்றிருந்தால் தொட்டி நீர்மட்டம் குழாயைவிட சுமார் 5 மீட்டர் மேலே இருக்க வேண்டும்.