பேச்சாளரின் பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்

"காரைக்குடியில் எங்கள் வாசகர் வட்டம் ஆத்தங்குடிக் கல் பற்றிய சிறப்புரைக்கு ஏற்பாடு செய்திருக்கிறது. பேச்சாளர் மண்டபத்துக்கு வருகிறார். சிங்கப்பூர், கோலாலம்பூரிலுள்ள ஊர்க்காரர்கள் ஜூமில் சேர்கிறார்கள். அறிமுகவுரை என் பொறுப்பு. இரு தரப்பாருக்கும் பொருந்தப் பேசுவது எப்படி?"

ஒன்றரை நிமிடத்தில் முடியும்படி எழுதிக்கொண்டு, பேச்சாளரின் பெயரை அதன் கடைசிச் சொல்லாக வையுங்கள். மண்டபத்தில் இருப்பவர்கள் அவரை நேரில் பார்த்துக்கொண்டிருப்பதால் அவர்களுக்குப் பெயர் எங்கே வந்தாலும் ஒன்றுதான். ஆனால் கேமராவை உங்களிடமிருந்து அவர் பக்கம் திருப்ப வேண்டியவருக்கு அந்தப் பெயரே சைகை. நடுவில் சொல்லிவிட்டால் கேமரா முந்திக்கொண்டு திரும்பிவிடும். உங்கள் மீதிப் பேச்சு முகமில்லாத குரலாகத்தான் கடல் கடந்து போகும். பெயர், பட்டம், பணி, நூல்கள் எல்லாவற்றையும் முன்னதாகவே அரட்டைப் பெட்டியில் இட்டுவிட்டால், மேடையில் அவற்றை வாசிக்கும் வேலை மிச்சம்.

உரையின் உள்ளடக்கத்துக்கு ஒரு மாதிரி: "நம் வீட்டு வளவில் தவழ்ந்த நாளிலிருந்து நாம் அறிந்த பூக்கல், கண்ணாடித் தட்டின் மேல் வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி வார்த்தெடுக்கப்படுவது. அந்தக் கைவேலையை அருகிலிருந்து பார்த்து எழுதிவருபவர் இன்று நம்மிடையே பேச வந்திருக்கிறார்." இதைத் தொடர்ந்து அவர் பெயர். தரையைக் காட்டி "இதோ இந்தக் கல்லைப் போல" என்று சொல்லும் ஆசை வரும். கேமராவில் தரை தெரியாது என்பதால், சுட்டிக்காட்டுவதைச் சொல்லாலேயே விவரித்துவிடுங்கள். நமக்கு மாலை 6 மணி என்றால் சிங்கப்பூரில் இரவு 8.30, ஆகவே "மாலை வணக்கம்" வேண்டாம், "வணக்கம்" போதும்.

பெயரைச் சொன்னதும் மைக்கை விட்டு உடனே நகர வேண்டாம். பேச்சாளர் இருக்கையிலிருந்து எழுந்து வரும் பத்து விநாடியும் இணையத்தில் இருப்பவர்கள் வெற்று மைக்கையே பார்த்திருக்க நேரும். அவரை மேடையிலேயே, மைக்குக்கு இரண்டடி தள்ளி அமர்த்திவிட்டால் இந்த இடைவெளியே இராது. நம் ஊரில் தவிர்க்க முடியாத பொன்னாடையையும் அப்போது போர்த்தலாகாது. போர்த்துபவரின் முதுகு கேமராவை மறைத்துவிடும். அதை உரை முடிந்தபின், இருவரும் கேமராவைப் பார்த்து நின்று செய்யலாம்.

ஒலிதான் பெரும்பாலும் கைவிடுவது. மண்டபத்து ஒலிபெருக்கியில் வரும் குரலை மடிக்கணினியின் மைக் தூரத்திலிருந்து எடுத்தால், உயர்ந்த கூரையின் எதிரொலியோடு சொற்கள் கலங்கிப் போகும். மைக் செட்காரரிடம், மிக்சரிலிருந்து தனி வயர் ஒன்றை ஒலி இடைமுகக் கருவி வழியாக மடிக்கணினிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கூட்டம் தொடங்குவதற்கு அரை மணி முன், நண்பர் ஒருவரைக் கைபேசியில் ஜூமில் சேரச் சொல்லி, ஹெட்போனோடு மண்டபத்துக்கு வெளியே அனுப்பிக் கேட்கச் செய்யுங்கள். அவருடைய மைக் அணைந்திருக்க வேண்டும். அவர் உள்ளேயே மைக்கைத் திறந்து வைத்தால் ஊளைச் சத்தம் கிளம்பும். நீங்கள் சாதாரணக் குரலில் பேச்சாளரின் பெயரைச் சொல்ல, அவர் உள்ளே வந்து அதைத் திருப்பிச் சொல்லிவிட்டால் வயர் சரியாக இருக்கிறது.