திணறும் மடிக்கணினியும் ப்ராக்ஸி கோப்புகளும்: மும்பை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் மகளின் அரங்கேற்றத்தை இரண்டு கேமராக்களில் 4K-வில் பதிவு செய்தோம். மூன்று மணி நேர நிகழ்ச்சி. என்னிடம் இருப்பது 8ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட மடிக்கணினி. அதே கணினியில் 4K படங்கள் தடையின்றி ஓடுகின்றன. பிரீமியர் ப்ரோவில் மட்டும் ஒவ்வொரு வெட்டுக்கும் உறைந்து நிற்கிறது. ஏன்? – செம்பூர்

பார்ப்பதும் தொகுப்பதும் கணினிக்கு வெவ்வேறு வேலைகள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் கேமரா எச்.264 முறையில், 25 ஃப்ரேம், நொடிக்கு 140 மெகாபிட், 10-பிட் 4:2:2 என்ற அமைப்பில் பதிவு செய்திருப்பதாகக் கடிதத்தின் பிற்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சிக்கலுக்கான விடை பெரும்பாலும் அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

இந்த வகைக் கோப்பில் எல்லா ஃப்ரேம்களும் முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. மாத முதல் நாளில் மட்டும் மொத்த இருப்பை எழுதிவிட்டு, மற்ற நாள்களில் வரவையும் செலவையும் மட்டும் குறித்துவைக்கும் கணக்குப் புத்தகத்தைப் போல, சில ஃப்ரேம்கள் மட்டுமே முழுப் படமாக இருக்கும். இடையில் உள்ளவை முன்னும் பின்னும் உள்ள படங்களிலிருந்து எது மாறியது என்பதை மட்டுமே சொல்லும். தொடக்கத்திலிருந்து நேராக ஓடவிட்டால் கணினி ஒவ்வொரு மாற்றமாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஆனால் தொகுக்கும்போது நீங்கள் ஓரிடத்தில் நிறுத்தி, இரண்டு ஃப்ரேம் பின்னே நகர்ந்து, அங்கிருந்து வேறு கேமராவுக்குத் தாவுகிறீர்கள். ஒவ்வொரு தாவலிலும் கணினி முந்தைய முழுப் படத்தைத் தேடிச் சென்று, அங்கிருந்து நீங்கள் கேட்ட ஃப்ரேம் வரை மீண்டும் கணக்கிட வேண்டியிருக்கிறது. இரண்டு கேமராக்களையும் அருகருகே ஓடவிட்டால் அந்த வேலை இரட்டிப்பாகிறது.

இதோடு இன்னொரு காரணமும் சேர்கிறது. நீங்கள் திரையில் பார்க்கும் படங்கள் பெரும்பாலும் 4:2:2-ஐவிடக் குறைந்த நிறத் தகவல் கொண்ட 4:2:0 வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே செயலியின் கிராபிக்ஸ் பகுதியில் தனிச் சுற்று இருக்கிறது. உங்கள் தலைமுறைச் செயலியில் அந்தச் சுற்றுக்கு எச்.264 10-பிட் 4:2:2 தெரியாது. ஆகவே முழுச் சுமையும் செயலியின் பொதுக் கோர்கள் மேல் விழுகிறது. டைம்லைனை ஓடவிட்டுக்கொண்டே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்: செயலி நூறு சதவீதத்தைத் தொட்டு, கிராபிக்ஸ் பகுதியின் Video Decode ஏறக்குறைய சும்மா இருந்தால் நோய் இதுதான் என்று உறுதி செய்துகொள்ளலாம். இதற்கு மருந்து, தொகுப்பதற்கென்று ப்ராக்ஸி கோப்புகளைச் செய்துகொள்வது.

கேள்வி: அப்படியானால் எந்த அளவில், எந்த வகையில் ப்ராக்ஸி செய்வது? எஸ்எஸ்டியில் 90 ஜிபிதான் காலியாக இருக்கிறது. – அதே வாசகர்

ப்ராக்ஸி என்பது மூலக் கோப்பின் இலகுவான நகல். அதை வைத்துத் தொகுத்துவிட்டு, இறுதியில் மென்பொருளே மூலத்துக்கு மாறி வெளியீட்டை உருவாக்கும். அளவைக் குறைத்தால் மட்டும் போதும் என்று எண்ணிப் பலர் ப்ராக்ஸியையும் சாதாரண எச்.264-ஆகவே செய்கிறார்கள். அதில் ஓரளவு பலன் உண்டு. ஆனாலும் மேலே சொன்ன தேடல் வேலை சிறிய உருவில் அப்படியே தொடர்கிறது. வலுவற்ற கணினிக்கு நான் பரிந்துரைப்பது ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து நிற்கும் கோடெக்: ப்ரோரெஸ் 422 ப்ராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி.

இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 140 மெகாபிட் என்றால் மணிக்கு 63 ஜிபி. இரண்டு கேமராக்களின் ஆறு மணி நேரத்துக்கு 378 ஜிபி. இந்த மூலங்கள் வெளி ஹார்ட் டிஸ்கிலேயே இருக்கட்டும். ப்ரோரெஸ் ப்ராக்ஸி 1920×1080, 25 ஃப்ரேமில் நொடிக்கு ஏறக்குறைய 38 மெகாபிட் எடுக்கும். மணிக்கு 17 ஜிபி என்று வைத்தால் ஆறு மணி நேரத்துக்கு நூறு ஜிபியைத் தாண்டிவிடும், உங்கள் எஸ்எஸ்டியில் அடங்காது. 960×540 அளவில் புள்ளிகள் கால் பங்காகக் குறைவதால் கோப்பும் ஏறக்குறைய கால் பங்காகும்: மொத்தம் 26 ஜிபி அளவில் முடியும். எஸ்எஸ்டியை விளிம்பு வரை நிரப்புவது வேறு தொல்லைகளைக் கொண்டுவரும் என்பதால், இங்கே 960×540தான் சரியான தேர்வு. ஜதிக்கு ஏற்ப எங்கே வெட்டுவது, அபிநயத்தின்போது எந்தக் கேமராவில் நிற்பது என்பதை முடிவு செய்ய இந்தத் தெளிவு தாராளமாகப் போதும்.

பிரீமியரின் Project பேனலில் கிளிப்புகள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் Proxy > Create Proxies என்று செல்லுங்கள். ப்ரோரெஸ் வகையையும் கால் அளவையும் தேர்ந்தெடுத்து, சேமிக்கும் இடமாக எஸ்எஸ்டியில் ஒரு கோப்புறையைக் காட்டுங்கள். மாற்றும் வேலையை மீடியா என்கோடர் செய்யும். எந்தக் கோப்பைப் பிரிக்க முடியாமல் உங்கள் கணினி திணறியதோ, அதையே இப்போது முழுவதுமாக ஒருமுறை பிரித்தாக வேண்டும் என்பதால் இதற்கு நெடுநேரம் ஆகும். மின் இணைப்பில் வைத்து, கணினி உறங்கிவிடாதபடி அமைத்துவிட்டு இரவில் ஓடவிடுவதே நடைமுறை. பிறகு Program மானிட்டரின் பொத்தான் வரிசையில் Toggle Proxies பொத்தானைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது நீலமாக இருந்தால் ப்ராக்ஸி ஓடுகிறது என்று பொருள். அதை மாற்றி மாற்றி அழுத்தும்போது காட்சி துளியும் நகராமல் தெளிவு மட்டும் மாறினால் இணைப்பு சரியாக அமைந்திருக்கிறது.

கேள்வி: கல்யாண வீடியோவை ப்ராக்ஸியில் தொகுத்தால் இறுதித் தரம் குறையுமா? – மாட்டுங்கா

குறையாது. பிரீமியர் வெளியிடும்போது இயல்பாக மூலத்தையே எடுத்துக்கொள்ளும். Export பகுதியில் Use Proxies தேர்வு செய்யப்படாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். டாவின்சி ரிசால்வில் Deliver பக்கத்தில் Use proxy media என்ற இதே போன்ற தேர்வு உண்டு. வெளியிடும் நேரத்தில் மூலங்கள் உள்ள டிஸ்க் இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி: நேரத்தை மிச்சப்படுத்த நண்பரின் வலுவான கணினியில் எஃப்எஃப்எம்பெக் கொண்டு ப்ராக்ஸி செய்து வாங்கி வந்தேன். Attach Proxies கொடுத்தால், ஆடியோ சேனல்கள் பொருந்தவில்லை என்று மறுக்கிறது. – தாராவி

வேறு கணினியில் செய்து வாங்கியது நல்ல முடிவு. ஆனால் வெளியே செய்யப்படும் ப்ராக்ஸி, படத்தின் தெளிவைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் மூலத்தின் இரட்டையாக இருக்க வேண்டும்: ஃப்ரேம் வேகம், நீளம், டைம்கோட், ஆடியோ அமைப்பு ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும். உங்கள் கேமரா நான்கு தனித்தனி மோனோ தடங்களாக ஒலியைப் பதிவு செய்கிறது. எஃப்எஃப்எம்பெக்கிடம் நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது ஒரே ஒரு ஆடியோ தடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். எல்லாத் தடங்களையும் எடுக்கச் சொல்வது `-map 0:a` என்ற பகுதி:

```
ffmpeg -i A001.MXF -map 0:v:0 -map 0:a -vf scale=960:540 -c:v prores_ks -profile:v 0 -pix_fmt yuv422p10le -c:a pcm_s16le A001_Proxy.mov
```

இதில் `-profile:v 0` என்பது ப்ரோரெஸ் ப்ராக்ஸியைக் குறிக்கும். 960:540 என்பது 3840×2160 மூலத்துக்கு மட்டுமே பொருந்தும். 4096 அகலத்தில் பதிவு செய்திருந்தால் படத்தின் விகிதமே வேறு என்பதால் 1024:540 என்று கொடுங்கள், இல்லையேல் படம் குறுக்கே அமுங்கிவிடும்.

இணைப்பதற்கு முன், மூலத்துக்கும் ப்ராக்ஸிக்கும் தனித்தனியாகக் கீழ்க்கண்ட கட்டளையை இட்டு, ஃப்ரேம் வேகமும் ஃப்ரேம் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு ஃப்ரேம் குறைந்தாலும் அந்தக் கோப்பை மறுபடியும் செய்வதே நல்லது.

```
ffprobe -v error -select_streams v:0 -count_packets -show_entries stream=r_frame_rate,nb_read_packets A001.MXF
```

கேள்வி: கேமரா கிளிப்புகளின் ப்ராக்ஸி சரியாக இருக்கிறது. உறவினர்கள் மொபைலில் எடுத்தவற்றில் மட்டும் போகப் போக உதடும் ஒலியும் பிரிகின்றன. – முலுண்ட்

மொபைல்கள் பெரும்பாலும் நிலையான வேகத்தில் பதிவு செய்வதில்லை. 30 ஃப்ரேம் என்று சொல்லப்படும் கிளிப்பில் சில இடங்களில் இடைவெளி கூடியும் சில இடங்களில் குறைந்தும் இருக்கும். ப்ராக்ஸி நிலையான வேகத்தில் உருவாவதால், மூலத்தில் உள்ள ஒரு கணமும் ப்ராக்ஸியில் உள்ள அதே கணமும் மெல்ல மெல்ல விலகிப்போகின்றன. கிளிப்பின் தொடக்கத்தில் ஒத்துப்போய், முடிவை நெருங்க நெருங்கப் பிசகு கூடுவது இதன் அடையாளம். மீடியா இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் Frame rate mode என்ற வரியில் Variable என்று இருந்தால் ஐயமே வேண்டாம்.

இதற்குத் தீர்வு ப்ராக்ஸியில் இல்லை. முதலில் அந்தக் கிளிப்பை முழு அளவிலேயே நிலையான வேகத்துக்கு மாற்றி, அந்தக் கோப்பையே இனி மூலமாகக் கொண்டு, அதிலிருந்து ப்ராக்ஸி செய்ய வேண்டும்:

```
ffmpeg -i phone.mp4 -fps_mode cfr -r 30 -c:v libx264 -crf 16 -c:a pcm_s16le phone_cfr.mov
```

இதைத் தொகுப்பைத் தொடங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பாதி வெட்டிய பிறகு மூலத்தை மாற்றினால் வெட்டுகள் இடம் பெயர்ந்து, ஒவ்வொன்றையும் கையால் சரிசெய்ய நேரிடும்.

கேள்வி: அலுவலகத்துக்கு ரயிலில் போய்வரும் நேரத்தில் தொகுக்க விரும்புகிறேன். வெளி டிஸ்க்கைச் சுமக்காமல் ப்ராக்ஸியை மட்டும் கொண்டுபோகலாமா? – டோம்பிவிலி

போகலாம். மூலங்கள் இணைக்கப்படாத நிலையிலும் பிரீமியர் ப்ராக்ஸியை ஓட்டும். ரிசால்வில் Playback > Proxy Handling > Prefer Proxies என்று வைத்தால் போதும். வீடு திரும்பியதும் டிஸ்க்கை இணைத்தால் மூலங்கள் பழைய இடத்திலேயே கிடைக்க வேண்டும். ஆகவே கோப்புகளின் பெயரையோ கோப்புறையையோ இடையில் மாற்றாதீர்கள். விண்டோஸில் டிஸ்க்கின் எழுத்து மாறிவிடாதபடி அதற்கு ஒரே எழுத்தை நிலையாக ஒதுக்கிவையுங்கள்.

கேள்வி: ப்ராக்ஸி செய்த பிறகு வெட்டுவது சுலபமாகிவிட்டது. ஆனால் நிறத்திருத்தமும் நாய்ஸ் ரிடக்‌ஷனும் சேர்த்ததும் மீண்டும் திணறுகிறது. – அந்தேரி

ப்ராக்ஸி குறைப்பது கோப்பைப் பிரிக்கும் சுமையையே. நாய்ஸ் ரிடக்‌ஷன் அண்டை ஃப்ரேம்களை ஒப்பிட்டுக் கணக்கிடும் வேலை. அது சிறிய படத்திலும் கனமானதே. முதலில் வெட்டுகளை முழுவதுமாக முடித்துவிட்டு, அதன் பிறகே இத்தகைய விளைவுகளைச் சேருங்கள். ஒவ்வொன்றையும் அமைத்துப் பார்த்தபின் அணைத்துவைத்து, வெளியிடும் முன் மீண்டும் இயக்குங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். நாய்ஸின் அளவைத் தீர்மானிப்பதும், ஃபோகஸ் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதும், பச்சைத் திரையை நீக்குவதும் ப்ராக்ஸியில் செய்யக் கூடாதவை. 540 வரிகளுக்குச் சுருங்கும்போது படத்தின் நாய்ஸ் சராசரியாகி மறைந்துவிடும். சற்றே மங்கிய முகமும் கூர்மையாகத் தெரியும். இந்த வேலைகளுக்கு Toggle Proxies பொத்தானை அணைத்து, டைம்லைனை ஓடவிடாமல், நிறுத்திய ஃப்ரேமை நூறு சதவீத அளவில் பாருங்கள். நின்றிருக்கும் ஒரு ஃப்ரேமை மூலத்திலிருந்து காட்ட வலுவற்ற மடிக்கணினியாலும் முடியும். ஓரிரு நொடி காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.