பார்ட்னரா வரப்போறவரிட்ட என்டிஏ கேக்கிறது எப்பிடி? கேள்வி பதில்

வெள்ளவத்தை தங்கச்சி: அண்ணா, நான் வீட்டில யாழ்ப்பாணத்துக் கறித்தூள் செய்து டொரோண்டோவுக்கும் லண்டனுக்கும் அனுப்புறன். புறக்கோட்டையில ஒரு மொத்த வியாபாரி 40 லட்சம் போட்டு பங்குக்கு வாறன் எண்டு சொல்லுறார். எல்லா விபரத்தையும் பாக்கோணுமாம். குடுக்க முதல் என்டிஏ, அதாவது பாத்த ரகசியத்தை வெளியில விடமாட்டன் எண்ட ஒப்பந்தம், ஒண்டு சைன் வைக்கச் சொல்லலாமோ, கோவிச்சுக்கொள்ளுவாரோ?

பதில்: கட்டாயம் கேளுங்கோ தங்கச்சி, கோவிக்கிறதுக்கு இதில ஒண்டுமில்லை, ஆனா கேக்கிற நேரம் முக்கியம். ரெண்டு மூண்டு தரம் சந்திச்சு தேத்தண்ணி குடிச்சு, பாதி விபரத்தை வாயால சொல்லிப்போட்டு பேந்து பேப்பரை நீட்டினா ஆருக்கும் சந்தேகப்படுற மாதிரித்தான் இருக்கும். முதல் சந்திப்புக்கு நேரம் குறிக்கேக்கயே, "கணக்கு காட்டுறதுக்கு முதல் ரெண்டு பேரும் ஒரு பேப்பரில சைன் வைப்பம், உங்கட கணக்கை நான் பாத்தாலும் அது வெளியில போகாது" எண்டு சொல்லுங்கோ. ரெண்டு பக்கமும் கட்டுப்படுற மாதிரி எழுதினா அவருக்கும் அது பாதுகாப்பு, ஏனெண்டா 40 லட்சம் போட வாறவரிட்ட காசு எங்கயிருந்து வருது எண்டு நீங்களும் கேக்கத்தானே போறீங்கள்.

ஆனா பேப்பரை விட நான் உங்களுக்குச் சொல்ல விரும்புறது, எதை எப்ப குடுக்கிறது எண்டதைத்தான். சைனுக்கு முதல் ஒரு பக்கத்தில மட்டும் எழுதிக் குடுங்கோ: என்ன சாமான், எந்த ரெண்டு நாட்டுக்குப் போகுது, வருசத்துக்கு ஏறத்தாழ எவ்வளவு விற்பனை, எவ்வளவு காசு தேவை, அது எதுக்கு. பேர் ஒண்டும் வேண்டாம். அது வெளியில போனாலும் உங்களுக்கு நட்டமில்லை. சைன் வைச்சாப் பிறகு கிலோவுக்கு என்ன செலவு, என்ன லாபம் எண்ட தாளைக் காட்டுங்கோ, அதிலயும் வாங்குறவையை 1ஆவது ஆள், 2ஆவது ஆள் எண்டு போடுங்கோ. காசு போடலாமோ எண்டு பாக்கிறதுக்கு அவருக்கு இவ்வளவும் போதும். டொரோண்டோக் கடைக்காரற்ற பேர், நம்பர், மிளகாய் மல்லி எடுக்கிற ஆக்கள், இதெல்லாம் பங்கு ஒப்பந்தம் சைன் வைச்சு காசில ஒரு பகுதி வந்தாப் பிறகு. எந்தச் சரக்கு எத்தனை கிராம், எவ்வளவு நேரம் வறுக்கிறது எண்டதை அப்பவும் குடுக்கத் தேவையில்லை, அவர் காசு போடுறவர், அடுப்படிக்கு வாறவர் இல்லைத்தானே.

கொட்டாஞ்சேனைக்காரன்: நெட்டில இருந்து ஒரு என்டிஏ எடுத்து பேரை மாத்திப் போட்டா சரிதானே? எல்லாத்திலயும் ஒரே விசயம்தானே எழுதியிருக்கு.

பதில்: இல்லை தம்பி, அதிலதான் கனபேர் மாட்டுறது. அப்பிடி எடுக்கிறதில "எல்லா வியாபாரத் தகவலும் ரகசியம்" எண்டு ஒரு வசனம் இருக்கும், கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா நாளைக்கு பிரச்சினை வந்தா எதிர்ப்பக்க லோயர் முதல் கேக்கிற கேள்வி "எந்தத் தகவல், எப்ப குடுத்தது, எங்க ஆதாரம்" எண்டதுதான். அதுக்குப் பதில் இல்லாட்டி அந்தப் பேப்பரால பிரயோசனம் குறைவு. அதால கடைசியில ஒரு அட்டவணை சேருங்கோ: "செலவுக் கணக்கு, 3 பக்கம்", "வாங்குறவை பட்டியல், 1 பக்கம்", இப்பிடி என்ன தாள், எத்தனை பக்கம், என்ன திகதி எண்டு. குடுக்கிற பிடிஎஃப் ஒவ்வொரு பக்கத்திலயும் அதைப் பாக்கப்போறவரிண்ட பேரைக் குறுக்கால மங்கலா அச்சடிச்சு ஈமெயிலில அனுப்புங்கோ. வாட்ஸப்பில போட்டோ எடுத்து அனுப்பினா அது எங்க போகும் எண்டு தெரியாது. வாயால சொன்ன விசயம் ஏதும் இருந்தா ஒரு கிழமைக்குள்ள "இண்டைக்கு இன்னின்ன விசயம் கதைச்சம், இதுவும் அந்த ஒப்பந்தத்துக்கு உட்பட்டது" எண்டு ஒரு ஈமெயில் போடுங்கோ, அப்பிடிப் போடலாம் எண்டு ஒப்பந்தத்திலயும் ஒரு வரி இருக்கோணும்.

அடுத்தது, எதுக்காகக் குடுக்கிறீங்கள் எண்டது. "பங்குக்கு வாறதோ இல்லையோ எண்டு தீர்மானிக்க மட்டும்" எண்டு எழுதாமல் விட்டா, அவர் வேற ஆருக்கும் சொல்லாமலே தானே அந்தக் கடைக்காரரைக் கூப்பிட்டு வியாபாரம் தொடங்கிறதைத் தடுக்க உங்களுக்கு வசனம் இல்லாமப் போயிடும். வெளியில சொல்லக்கூடாது எண்டது ஒண்டு, வேற வேலைக்குப் பாவிக்கக்கூடாது எண்டது இன்னொண்டு, ரெண்டும் வேணும். எனக்கு ரெண்டாவதுதான் பெரிசாத் தெரியுது, ஏனெண்டா வியாபாரத்தில ஆரும் உங்கட ரகசியத்தை ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரியிறேல்லை, பேசாமல் தாங்கள் பாவிக்கிறதுதான் நடக்கும்.

மாளிகாவத்தை நானா: ஸ்டாம்ப் ஒட்டி நொத்தாரிசுக்கிட்ட சைன் வெச்சா போதும், ஆள் ஏமாத்தினா நேரா பொலிஸுக்கு போலாம். எங்கட கடைத்தெருவுல அப்படித்தான் சொல்றாங்க.

பதில்: நானா, எழுத்தில இருக்கோணும் எண்ட அளவில நீங்க சொல்லுறது சரி. ஆனா இப்பிடியான ஒப்பந்தத்துக்கு நொத்தாரிசு தேவையில்லை, அது காணி உறுதி மாதிரி இல்லை. ரெண்டு சாட்சி வைச்சா, சைன் என்னுடையது இல்லை எண்டு பிறகு மறுக்கிறது கஷ்டம், அவ்வளவுதான். ஒப்பந்தத்தை மீறினதுக்கு மட்டும் பொலிஸுக்குப் போறது சரிவராது, அது சிவில் விசயம், அனேகமா "வழக்குப் போடுங்கோ" எண்டு திருப்பி அனுப்பிவிடுவினம்.

உண்மையான கைப்பிடி வேற இடத்தில இருக்கு. எங்கட 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில 160ஆம் பிரிவு வெளியிடப்படாத தகவலைப் பாதுகாக்குது. அதுக்கு மூண்டு விசயம் காட்டோணும்: அந்தத் தொழிலில இருக்கிறவைக்கு அது பொதுவாத் தெரியாதது, ரகசியமா இருக்கிறதாலதான் அதுக்குப் பெறுமதி, ரகசியமா வைக்க நீங்கள் நியாயமான முயற்சி எடுத்திருக்கிறீங்கள். மூண்டாவதில கனபேர் விழுந்துபோவினம். நாலு பேருக்குக் கேட்ட உடனே கணக்குத் தாளைக் குடுத்துட்டு அஞ்சாவது ஆளிட்ட மட்டும் என்டிஏ கேட்டா, அந்தத் தகவல் ரகசியம் எண்டு எப்பிடிச் சொல்லுறது? கொழும்பில வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போய் தடையுத்தரவு கேக்கேக்க நீங்கள் கொண்டுபோறது அந்தச் சைன் வைச்ச பேப்பர், அட்டவணை, அனுப்பின ஈமெயில். உடன போகோணும், எல்லாம் விற்றுமுடிஞ்சாப் பிறகு போனா தடுக்கிறதுக்கு ஒண்டும் மிஞ்சாது.

தெஹிவளை ஐடி: ப்ரோ, நான் மெசேஜில "இது கொன்ஃபிடென்ஷல்" எண்டு போட்டன், அவர் "ஓகே டன்" எண்டு ரிப்ளை பண்ணினார். இது காணாதா? இலத்திரனியல் சைன் செல்லும் எண்டுதானே சட்டம்.

பதில்: செல்லும்தான், 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் வந்தாப் பிறகு ஈமெயிலில சைன் வைச்சதையே பேப்பர் இல்லை எண்டதுக்காக மட்டும் தள்ளேலாது. பிரச்சினை அதில இல்லை, "ஓகே டன்" எண்டதில அவர் எதுக்கு ஒத்துக்கொண்டவர் எண்டதுதான். எதை ரகசியமா வைக்கோணும், எத்தனை வருசத்துக்கு, திருப்பித் தரோணுமோ, ஒண்டுமே அதில இல்லை. ஒண்டும் இல்லாததுக்கு அது பரவாயில்லை, அழிச்சுப்போடாதைங்கோ, ஆனா அதையே நம்பி சோர்ஸ் கோட்டைக் குடுத்திடாதைங்கோ.

பம்பலப்பிட்டி அக்கா: என்ட கடையில வேலை செய்த பெடியன் விலகிப்போய் பக்கத்து ரோட்டிலயே கடை போட்டிட்டான், அவனிட்டயும் என்டிஏ வாங்கியிருக்கோணுமோ?

பதில்: அக்கா, அது வேலைக்காரர் விசயம், இது பார்ட்னராகப் போறவரைப் பற்றி, ரெண்டையும் கலக்கக்கூடாது. கடை போடாதே எண்டு தடுக்கிறது வேற, ரகசியத்தை எடுத்துக்கொண்டு போகாதே எண்டு சொல்லுறது வேற, முதலாவதை கோர்ட் லேசில ஏற்காது. உங்கட கஸ்டமர் லிஸ்டைக் கொப்பி எடுத்துக்கொண்டு போனவன் எண்டதுக்கு ஏதும் ஆதாரம் இருந்தா மட்டும் ஒரு லோயரிட்டக் காட்டுங்கோ.

வெள்ளவத்தை தங்கச்சி: அண்ணா, அவர் தன்ட பிரைவேட் லிமிட்டட் கொம்பனிப் பேரில சைன் வைக்கிறாராம். பிறகு பிடிபட்டா ஒரு கோடி தரோணும் எண்டு போடச் சொல்லி மாமா சொல்லுறார்.

பதில்: கொம்பனி மட்டும் சைன் வைச்சா போதாது. அவற்ற தம்பிக்கு இன்னொரு கொம்பனி இருந்தா அது கட்டுப்படாது, அவர் தாளை வீட்டில மேசையில வைச்சிட்டுப் போனா தம்பி எடுத்துப் பாக்கலாம். கம்பனிகள் பதிவாளரிட்ட அந்தக் கொம்பனிண்ட டைரக்டர்மார் ஆர் எண்டு முதல் பாருங்கோ, பிறகு கொம்பனியும் அவர் தனிப்பட்ட முறையிலயும் ரெண்டு சைனும் வைக்கோணும், அவற்ற கணக்காளரோ தம்பியோ பாக்கிறதெண்டா அவையின்ட பேரும் எழுதி, அவை பாத்தாலும் பொறுப்பு அவருக்குத்தான் எண்டு போடுங்கோ.

ஒரு கோடி பற்றி மாமாட்ட மெல்லமாச் சொல்லுங்கோ, நட்டத்தோட சம்பந்தமில்லாத தொகையை கோர்ட் அப்பிடியே தரும் எண்டு நம்பேலாது, அதோட அந்த எண்ணைப் பாத்தவுடனே நல்ல ஆளும் எழும்பிப் போயிடுவார். அதை விட "நான் அறிமுகப்படுத்தின வாங்குறவையோட 2 வருசத்துக்கு நேரடியா வியாபாரம் செய்யமாட்டன்" எண்டு ஒரு வசனம் போடுங்கோ, அதை மீறினா பில் வவுச்சரில பிடிக்கலாம். கணக்குக்கு 3 வருசம், செய்முறைக்கு அது ரகசியமா இருக்கிற வரைக்கும் எண்டு ரெண்டா பிரிச்சு எழுதலாம்.

ஒண்டு மட்டும் விளங்கிக்கொள்ளுங்கோ, உங்கட தூளைக் கடையில வாங்கி, கறி வைச்சுப் பாத்து, மணத்தை வைச்சே அவர் அதே மாதிரி ஒண்டு செய்தா என்டிஏ அதைத் தடுக்காது. தாளில இருந்து எடுத்ததைத்தான் தடுக்கலாம்.

கொட்டாஞ்சேனைக்காரன்: அண்ணா, நான் போன மாசமே எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். இனி என்ன செய்யிறது?

பதில்: இப்ப கேளுங்கோ, "இன்ன திகதியில இருந்து கதைச்ச எல்லாத்துக்கும் இது பொருந்தும்" எண்டு எழுதி, போன மாசம் சொன்னதை அட்டவணையில சேருங்கோ, முன்னுக்குக் குடுத்ததையும் இப்பிடி உள்ளுக்குக் கொண்டுவரலாம். சைன் வைச்சாரெண்டா நல்லது.

கொட்டாஞ்சேனைக்காரன்: வைக்கமாட்டன் எண்டா? அவர் அத்தான்ட கூட்டாளி, வீட்டிலயும் கதை வரும்.

பதில்: அப்ப அவருக்கு இனி ஒரு தாளும் போகக்கூடாது, அதை அத்தானுக்கும் நேராச் சொல்லுங்கோ. சொன்னது சொன்னதுதான், அதைத் திருப்பி எடுக்கேலாது. ரகசியம் எண்டு நம்பித்தான் சொன்னது எண்டு காட்டக்கூடிய மெசேஜ் ஏதும் இருந்தா 160ஆம் பிரிவில கதைச்சுப் பாக்கலாம், அது எவ்வளவு தூரம் நிக்கும் எண்டது அந்த மெசேஜில என்ன இருக்கு எண்டதிலதான் இருக்கு, அனுப்பிவிடுங்கோ பாப்பம். மற்றது ஒண்டு, பெரிய முதலீட்டு நிறுவனங்கள் கனக்க முதல் சந்திப்பிலயே என்டிஏ சைன் வைக்காது, ஒரே மாதிரி யோசனையை நாளுக்கு நாள் கேக்கிறவை அவை. அதால வைக்கமாட்டன் எண்டவர் எல்லாரும் கள்ளர் இல்லை. உங்கட ஆள் அந்த ரகமோ எண்டது உங்களுக்குத்தான் தெரியும்.