திட்டுல பாசம் தெரியணும்னா

கதை எழுதற ஒருத்தர் கேட்டது: "என் கதையில, தாராவியில ஒரே ரூம்ல ரெண்டு நண்பர்கள். மாத்தி மாத்தித் திட்டிக்கறாங்க, படிச்சா நிஜச் சண்டை மாதிரியே இருக்கு."

'எருமை', 'நாயே' எல்லாம் யாருக்கும் பொருந்தும், அதான் சிக்கல். கூட இருக்கறவனுக்கு மட்டுமே தெரிஞ்சதை வெச்சுத் திட்ட விடுங்க. பதில் சொல்றவன் விளக்கம் தரக்கூடாது. அதே சொல்லைப் பிடிச்சுத் திருப்பணும். கை மட்டும் வாய்க்கு எதிரா நடக்கட்டும்.

"சயான்ல இறங்கத் தெரியாம தாதர் வரைக்கும் தூங்கிட்டுப் போற மூஞ்சிக்கு டீ ஒரு கேடா?" கேட்டுக்கிட்டே கிளாஸை நீட்டறான்.

"தூங்கவிடாம ராத்திரி பூரா குறட்டை விட்டது யாரு மூஞ்சிடா?"

இதுக்கப்புறம் 'சிரித்தான்'னு எழுதாதீங்க, கெட்டுடும்.

இந்த விளையாட்டுத் திட்டு நிஜச் சண்டையா மாறணும்னா, அதுவரை ரெண்டு பேருமே தொடாத ஒரு புண்ணை, ஊருக்குப் பணம் அனுப்பாததை, ஒருத்தன் தொடணும். அங்க மத்தவன் திருப்பித் திட்டக்கூடாது. டீயை வெச்சுட்டு எழுந்திருக்கட்டும்.